ஓர் இயக்குநரை நீக்கிய கதை: சாட்ஸ்வொர்த் அனுபவம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புகளை நடத்துவது லாபநோக்கில்லாத நிறுவனம் ஒன்று. வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 120 பேர், இயக்குநர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் கணக்குப் புத்தகங்களைக் கடைசிவரை காட்டவே இல்லை.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனத்தில், உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஒவ்வோர் ஆண்டும் தேர்தல் நடக்க வேண்டும். எங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு இடம். அவருடைய முறை வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. அதுவரை பிள்ளைகளின் கட்டணப் பணத்தை அவர் கையில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில், மற்ற ஐந்து இயக்குநர்களும் கூடி அவரை வெளியேற்றிவிடலாம் என்றார்கள். அது அவ்வளவு எளிதில்லை. தகுதியிழப்பு, செயலிழப்பு, கடமை தவறியது போன்ற காரணங்களுக்கு மட்டுமே வாரியம் நீக்கலாம். அவர் 20 வேலை நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் 2008ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 71ஆம் பிரிவில், அவரைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கே அந்த அதிகாரத்தைத் தருகிறது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். நிறுவன விதியில் முக்கால் பங்கு வேண்டும் என்று எழுதியிருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அது செல்லாது.

பத்து சதவீத வாக்குரிமை, அதாவது எங்களுக்கு 12 பேர், எதற்காகக் கூட்டம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்டால் வாரியம் கூட்டியே ஆக வேண்டும். நாங்கள் கூடுதலாகவே வாங்கினோம், ஒரு பெயர் செல்லாமல் போனால் என்ன செய்வது? அறிவிப்பு 15 வேலை நாட்களுக்கு முன் போக வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. ஈஸ்டர் குறுக்கே வந்ததால் தேதியைத் தள்ளி வைத்தோம். அவருக்கும் அதே கால அவகாசத்தோடு, தீர்மானத்தின் வாசகத்துடன் அனுப்பினோம். "அவருக்கு எதுக்குங்க?" என்று ஒரு அக்கா கோபப்பட்டார். அதை விட்டிருந்தால் வாக்கெடுப்பே அடிபட்டுப் போயிருக்கும்.

கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன் அவரைப் பேச விட்டோம். அரை மணி நேரம் பேசினார். சிலர் மனம் மாறியதை முகத்தில் பார்த்தேன். அப்படி மாற வாய்ப்பு இருப்பதுதான் நியாயம். கடைசியில் நீக்க வேண்டும் என்று 71 வாக்கு, வேண்டாம் என்று 38.

அப்புறம் அதே கூட்டத்தில், அறிவிப்பில் முன்பே சொல்லியிருந்தபடி, புதியவரைத் தேர்ந்தெடுத்தோம். அவருடைய எழுத்துச் சம்மதம் கையில் இருந்தது. பத்து வேலை நாட்களுக்குள் மாற்றத்தை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சி.ஐ.பி.சி.யில் பதிந்தோம். அந்தப் பதிவைக் காட்டிய பிறகுதான் வங்கி பழைய கையெழுத்தை நீக்கியது.