20 வயசு முடியறதுக்குள்ள: டர்பன்ல இருந்துகிட்டே என் கல்யாணத்த ரத்து பண்ணின கதை

2020 ஜூன்ல, லாக்டவுன் நேரம், ஸ்கூல் மூடிக்கிடந்தப்ப கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர் கோயில்ல முப்பது பேர் முன்னாடி எனக்கு தாலி கட்டிட்டாங்க. எனக்கு அப்ப பதினாறரை வயசு, அவருக்கு 25, அத்தை பையன். எட்டு மாசம் அவங்க வீட்ல இருந்தேன், அப்புறம் பன்னெண்டாவது பரீட்சைன்னு சொல்லி அம்மா வீட்டுக்கு வந்தவ திரும்பிப் போகல. 18 முடிஞ்சதும் 2022ல சித்தி என்னை தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பனுக்கு கூட்டிட்டு வந்துட்டாங்க, இங்க தான் படிக்கிறேன்.

இங்க வந்தப்புறம் எனக்கு ஒரு தப்பான தைரியம் வந்துச்சு. சித்தி வீடு சாட்ஸ்வொர்த்ல, அக்கம்பக்கத்துல நாலஞ்சு தலைமுறையா இங்கயே இருக்கிற தமிழ்க் குடும்பங்க, பேச்சு பூரா இங்கிலீஷ்தான் ஆனா கோயில், காவடின்னா முதல் ஆளா நிப்பாங்க. அதுல ஒரு ஆன்ட்டிகிட்ட விஷயத்த சொன்னேன். ரெஜிஸ்டர் பண்ணலையா, அப்ப அது கல்யாணமே இல்ல கண்ணு, விட்டுத்தள்ளுன்னாங்க. அவங்க சொன்னது பொய் இல்ல, இங்க கோயில்ல மட்டும் தாலி கட்டி, சட்டப்படி பதிவு பண்ணலன்னா அது சிவில் கல்யாணமா கணக்கே இல்ல. ஆனா என் கல்யாணம் நடந்தது தமிழ்நாட்டுல, அங்க சடங்கு முறைப்படி நடந்தாலே இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம்தான், பதிவு இல்லன்னு அது செல்லாம போகாது. இது தெரியாம ஒன்றரை வருஷம் நிம்மதியா தூங்கிட்டேன்.

2023 ஜூலைல சென்னைல லா படிக்கிற பெரியம்மா பொண்ணு போன்ல பேசிட்டிருந்தப்ப, உனக்கு 20 எப்ப ஆகுதுன்னு கேட்டா. நவம்பர்னேன். அடிப்பாவி, நாலு மாசம் தான் இருக்குன்னு கத்துனா. அவ சொன்னது இதுதான்: 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல 3வது பிரிவு, சின்ன வயசுல நடந்த கல்யாணம் தானா செத்துப்போகாது, அப்ப மைனரா இருந்தவங்க கோர்ட்ல கேட்டாத்தான் ரத்து ஆகும், அதுவும் மேஜர் ஆகி 2 வருஷத்துக்குள்ள மனு போட்டிருக்கணும். எனக்கு 18 ஆனது 2021 நவம்பர், அப்ப 2023 நவம்பரோட கதவு மூடிடும். அதத் தாண்டினா மத்த புருஷன் பொண்டாட்டி மாதிரி டைவர்ஸ்தான் கேக்கணும், அவர் ஒத்துக்கலன்னா அதுக்கு காரணம் சொல்லி நிரூபிக்கணும். இதே எல்லை தாண்டி கர்நாடகாவுல நடந்திருந்தா, 2017லயே அவங்க சட்டத்த திருத்தி ஆரம்பத்துலேர்ந்தே செல்லாதுன்னு வச்சிருக்காங்க. எங்க ஊரு அந்தப் பக்கம் இல்லாம போச்சு!

யார் கேக்கலாம்ங்கறதுல எங்க வீட்ல பெரிய குழப்பம். அப்பா மனசு மாறி நானே கேஸ் போடறேன்னாரு. முடியாது, அப்பாவுக்கு அந்த உரிமை இல்ல. எனக்கு 18 ஆகறதுக்கு முன்னாடி போட்டிருந்தா கார்டியனோ வேற நெருங்கினவங்களோ என் சார்பா, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோட சேர்ந்து போட்டிருக்கலாம் (எங்க பக்கம் மாவட்ட சமூக நல அலுவலர்தான் அது). 18 ஆனப்புறம் நான் மட்டும்தான். தாலி கட்டினவரும் கேக்க முடியாது, கல்யாணத்தப்ப அவருக்கு 21 தாண்டிடுச்சு, அதனால சட்டப்படி அதுல குழந்தை நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இது ஆச்சரியமா இருந்துச்சு, இங்க 1961 கல்யாணச் சட்டத்துல சம்மதம் இல்லாம மைனர் கல்யாணம் பண்ணிகிட்டா பெத்தவங்களே விஷயம் தெரிஞ்ச ஆறு வாரத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகலாமாம். எங்க கதைல பெத்தவங்க தானே கட்டி வச்சது, அவங்களுக்கு எதுக்கு உரிமை?

அப்பாவோட நிஜ பயம் ஜெயில். நடத்தி வச்சவங்களுக்கு 2 வருஷம் வரைக்கும் தண்டனை, 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டம் இருக்கு. ரத்து மனு சிவில், அது தனி, இது தனின்னு வக்கீலம்மா சொன்னாங்க, ஆனா போலீஸ் கேஸ் வரவே வராதுன்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாதுன்னும் சொன்னாங்க. அதக் கேட்டும் அப்பா சரின்னாரு.

நேர்ல போக அப்ப காசு இல்ல, அதனால தாய்மாமாவுக்கு பவர் எழுதினேன். டர்பன் இந்தியத் துணைத் தூதரகத்துல அதிகாரி முன்னாடி கையெழுத்து போட்டு அட்டஸ்ட் பண்ணி கூரியர்ல அனுப்பினேன், அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள அங்க முத்திரைக் கட்டணம் கட்டணும், மாமா மறுவாரமே கட்டிட்டாரு. வயசுக்கு பிறப்புச் சான்றும் ஸ்கூல் டிசியும், கல்யாணத்துக்கு பத்திரிகையும் போட்டோவும். அக்டோபர்ல குடும்பநல கோர்ட்ல மனு போட்டாச்சு. ஒண்ணு கவனிங்க, பவர் வச்சிருக்கிறவர் மனு போடலாம், தேதிக்குப் போகலாம், ஆனா எனக்கு நடந்தத எனக்குப் பதிலா கூண்டுல நின்னு சாட்சி சொல்ல முடியாது. அதுக்கு 2024 ஜூன்ல நானே டிக்கெட் போட்டு போனேன்.

சறுக்கினது நகைல. ரத்து பண்ணும்போது ரெண்டு பக்கமும் கல்யாணத்துல வாங்கின பணம், நகை, சீர் எல்லாத்தையும் திருப்பித் தரணும், இல்லன்னா அதோட மதிப்ப தரணும்னு கோர்ட் உத்தரவு போடணும். எங்க வீட்ல போட்டது 12 சவரன், ரொக்கம் ஒண்ணரை லட்சம். அவங்க போட்டது 4 சவரன் தாலிச்செயின். ஆனா மனுவுல அவர மட்டும் எதிர்மனுதாரரா போட்டிருந்தோம், நகை அத்தை பீரோவுல. யாருக்கு எதிரா உத்தரவோ அவங்களுக்கு நோட்டீஸ் போய் பேச வாய்ப்பு கொடுத்திருக்கணும், அதனால அத்தையையும் மாமனாரையும் சேர்க்க தனியா மனு போட்டு நாலு மாசம் போச்சு. முதல்லயே சேர்த்திருங்க. நகைக்கு ரசீதும் போட்டோவும் இருந்ததால 12ன்னு நிரூபிச்சோம், இல்லன்னா அஞ்சுன்னு சாதிச்சிருப்பாங்க.

சொத்து விஷயத்துல பெரியப்பா ஒரு குண்டு போட்டாரு, கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு பூர்வீக நிலத்துல பங்கு இல்ல, கல்யாணம் ரத்தானா மட்டும் எப்படி வரும்னு. வக்கீலம்மா சிரிச்சிட்டாங்க. 2005 திருத்தத்துக்கு அப்புறம் அது பொறப்பால வர்ற பங்கு, கல்யாணம் நின்னாலும் போனாலும் அதுல ஒரு சென்ட் குறையாது. மாறுறது புருஷன் பக்கம். ரத்து ஆகற வரைக்கும் நான் சட்டப்படி அவர் மனைவி, உயில் எழுதாம அவர் இறந்திருந்தா முதல் வகுப்பு வாரிசா எனக்கு பங்கு வந்திருக்கும், தீர்ப்புக்கு அப்புறம் அது இல்ல. குழந்தை இருந்திருந்தா அந்தக் குழந்தை எப்பவும் சட்டப்படியான வாரிசு, ரத்து அதத் தொடாது. மறுமணம் வரைக்கும் ஜீவனாம்சமும் இருக்க இடமும் கேக்கலாம்னாங்க, நான் வேணாம்னேன். இப்ப யோசிச்சா காலேஜ் ஃபீஸுக்காவது கேட்டிருக்கலாம்.

2025 பிப்ரவரில தீர்ப்பு. கோர்ட் உத்தரவுப்படி நாங்க தாலிச்செயின கொடுத்தோம், அவங்க ரொக்கத்தையும் 9 சவரனையும் கொடுத்தாங்க. மீதி மூணு சவரன் நாத்தனார் கல்யாணத்துக்கு அழிச்சுட்டாங்களாம், மதிப்ப பணமா தரச் சொல்லி உத்தரவு இருக்கு, தரல, நிறைவேற்று மனு இன்னும் ஓடிட்டிருக்கு, மாமாதான் தேதிக்கு தேதி பஸ் ஏறிப் போறாரு.