மழைக் காட்சியில் முகம் மாற்றுவது

சாலிகிராமத்தில் நான் வேலை பார்க்கும் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோவுக்கு முகமாற்று ஷாட்டுகள் நிறைய வருகின்றன. சண்டைக் காட்சியில் ஓடிவரும் டூப் கலைஞரின் முகத்தில், இருவர் சம்மதத்தோடும், நாயகனின் முகத்தைப் பொருத்துவோம். மழை இருந்தால் வேலை பல மடங்காகிவிடும். ஒரே ஷாட்டில் தண்ணீர் மூன்று இடங்களில் இருக்கும்: லென்ஸின் மேல், காற்றில், தோலில். மூன்றையும் ஒன்றாகக் கருதினால் முகம் நிற்காது.

அண்மையில் வந்த ஷாட்டில், டூப் கேமராவை நோக்கி ஓடிவரும்போது லென்ஸில் ஒரு துளி விழுந்து ஒட்டிக்கொண்டது. கேமரா திரும்பினாலும் படத்தின் அதே மூலையில் அசையாமல் நின்றால் அது லென்ஸ் துளி என்று அறியலாம். முகம் அதன் பின்னால் போனதும், துளி ஒளியை வளைத்ததால் கண்ணின் ஓரம் இடம் மாறித் தெரிந்தது. முக அடையாளப் புள்ளிகளைத் தேடும் நிரல் அந்தப் பொய்யான இடத்தையே பிடித்துக்கொள்ள, புதிய முகம் வெட்டி வெட்டி ஆடியது. அந்த ஃபிரேம்களின் புள்ளிகளை நீக்கி, முன்னும் பின்னும் இருந்த நல்ல ஃபிரேம்களிலிருந்து இடைவெளியை நிரப்பினேன். பிறகு துளியை அழித்த பிரதியில் முகத்தைப் பொருத்தி, அதே வளைவையும் மங்கலையும் புதிய முகத்துக்கும் கொடுத்து, துளியின் மினுக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். வரிசை மாறினால் துளிக்கு முன்னால் முகம் மிதக்கும்.

காற்றில் விழும் மழை வேறு வகை. பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் விழும். ஷட்டர் 1/48 நொடி திறந்திருந்தால் அது ஏறக்குறைய 19 செ.மீ. கோடாகப் பதியும், கிட்டத்தட்ட ஒரு முகத்தின் நீளம். ஆனால் அடுத்த ஃபிரேமில் அங்கே இருக்காது. ஆகவே ஒவ்வொரு கோட்டையும் கையால் வெட்டத் தேவையில்லை. டூப்பின் முகத்தை நிலைநிறுத்தி, அடுத்தடுத்த ஐந்து ஃபிரேம்களின் இடைநிலை மதிப்பை எடுத்தால் கோடுகள் மறைந்துவிடும். மூலப் படத்திலிருந்து அதைக் கழித்தால் மழை மட்டும் மிஞ்சும். அதைப் புதிய முகத்தின்மேல் கூட்டுவேன். கண் சிமிட்டலும் உதட்டசைவும் கழித்துக் கிடைத்த அந்தப் படத்தில் சேர்ந்துவிடும் என்பதால் அவ்விடங்களை மட்டும் கையால் மறைக்க வேண்டும்.

தோலில் வழியும் நீருக்கு இந்த வழி உதவாது. அது மெல்ல நகர்வதால் இடைநிலைப் படத்திலும் தங்கிவிடும். நாயகனை நனைத்து, அதே திசையில் பின்விளக்கு வைத்துத் தனியாகப் படமெடுத்துத் தரும்படி கேட்பதே நல்லது. முகம் மாற்றும் நிரலைக் காய்ந்த முகங்களை மட்டும் வைத்துப் பயிற்றுவித்தால், நெற்றியில் இறங்கும் நீர்த்தாரை, புதிய முகம் பொருந்தும் எல்லையான மாஸ்க்கின் ஓரத்தில் திடீரென நின்று, தாடைக்குக் கீழே மறுபடி தொடங்கும். நான் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.