கோல்ட் ரூம் கம்ப்ரசர் மூன்று நிமிடத்துக்கொரு முறை நின்றால்

பால், தயிர் வைக்கும் 2 டிகிரி கோல்ட் ரூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேஸ் ஆர்-404ஏ. கம்ப்ரசர் ஒரு நிமிடம் ஓடி நிற்கிறது, இரண்டு நிமிடத்தில் மறுபடி ஓடுகிறது. மணிக்கு 20 ஸ்டார்ட் என்றால் மோட்டார் வைண்டிங் ஆற நேரமில்லை, லைனுக்குப் போன ஆயிலும் சரியாகத் திரும்பாது.

இது பம்ப்-டவுன் அமைப்பு. தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நேரே நிறுத்துவதில்லை, லிக்விட் லைன் சொலினாய்டைத்தான் மூடுகிறது. அதன்பின் சக்‌ஷன் பிரஷர் இறங்கி எல்.பி. கட்-அவுட் நிறுத்துகிறது. ஆகவே எல்.பி. திறந்திருப்பதைப் பார்த்த உடனே "கேஸ் குறைவு" என்று சொல்வது அவசரம். கம்ப்ரசர் நின்றிருக்கும்போது சொலினாய்டு காயிலுக்கு 230 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கம்ப்ரசர் நிற்கும் ஒவ்வொரு தடவையும் சப்ளை போய், சில நிமிடத்தில் திரும்பி வந்தால் தெர்மோஸ்டாட் பக்கம் போகலாம். டிஃபரன்ஷியலை அரை டிகிரியில் வைத்திருப்பார்கள், அல்லது சென்சார் ஃபேனின் குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருக்கும். சென்சாரை ரிட்டர்ன் காற்றுக்கு மாற்றி, டிஃபரன்ஷியலை 2 டிகிரி ஆக்கினால் போதும்.

சப்ளை இல்லாமலே கம்ப்ரசர் மட்டும் திரும்பத் திரும்ப ஓடினால், அறை குளிர்ந்த பிறகும் கேஸ் எங்கிருந்தோ சக்‌ஷனுக்கு வருகிறது. ரிசீவரின் லிக்விட் வால்வை மூடி, பிரஷர் இறங்கி நின்றபின் கேஜைக் கவனியுங்கள். முள் அப்படியே நின்றால் சொலினாய்டு கசிகிறது. வேகமாக ஏறினால் கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ் வால்வைச் சந்தேகப்படலாம். ஆயிலில் கலந்த கேஸால் முள் கொஞ்சம் ஏறுவது இயல்புதான். எல்.பி. டிஃபரன்ஷியலையும் பாருங்கள்: 1 பாரில் நின்று 1.3 பாரிலேயே ஸ்டார்ட் ஆனால் கசிவே இல்லாமலும் இப்படி நடக்கும். இந்த அறைக்கு கட்-இன் 2.5 பார் வாக்கில் இருக்கட்டும்.

சப்ளை இருக்கும்போதே எல்.பி. வெட்டினால் முதலில் எவாபரேட்டர் கவரைக் கழற்றுங்கள். பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில்தான். காயில் முழுக்க ஐஸ் மூடியிருந்தால் காற்று போகாது, சூடு ஏறாது, பிரஷர் விழும். அதைக் கேஸ் குறைவென்று எண்ணி ஏற்றிவிட்டால், ஐஸ் உருகியபின் ஹெட் பிரஷர் எகிறும். ஐஸை முழுதாக உருக்கிய பிறகு பல மணி நேரம் ஒழுங்காக ஓடி, ஓரிரு நாளில் பழையபடி ஆனால் டிஃப்ராஸ்ட்தான் கோளாறு. டிஃப்ராஸ்டைக் கையால் ஓட்டி ஹீட்டர் லைனில் கிளாம்ப் மீட்டர் மாட்டுங்கள். 230 வோல்டில் 1000 வாட் ஹீட்டர் மூன்றும் சேர்ந்து சுமார் 13 ஆம்பியர் எடுக்க வேண்டும். 8.7 காட்டினால் ஒன்று அறுந்துவிட்டது. சப்ளையை அணைத்து, வயரைக் கழற்றி ஓம் பார்த்தால் நல்லதில் 53 அளவில் வரும், அறுந்ததில் ஒன்றும் வராது.

ஹீட்டர் நன்றாக இருந்தும் ஐஸ் கட்டினால் டிரெயின் அடைப்பு, கதவு கேஸ்கெட், டிஃப்ராஸ்டைச் சீக்கிரமே முடித்துவிடும் டெர்மினேஷன் தெர்மோஸ்டாட் என வரிசையாகப் பாருங்கள். காயிலில் ஐஸே இல்லாமல் சைட் கிளாஸில் குமிழி ஓடினால் ஃபில்டர் டிரையர் அடைப்பா, கேஸ் கசிவா என்று அப்போது தேடலாம்.