ஓடாத பஸ்ஸில் எடுத்த ஓடும் பஸ் காட்சி

முதலில் நான் எழுதியது பஸ் காட்சியே இல்லை, ரயில் காட்சி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சர், இரணியல், பள்ளியாடி தாண்டி குழித்துறைக்கு வருகிறது, மகள் வாசல் படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அப்பா பின்னால் நின்றபடி வீட்டையும் விளையையும் விற்றுவிட்ட விஷயத்தைச் சொல்கிறார். பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தில் இதுதான் நடுக் காட்சி. எழுதும்போது கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது.

ரயிலில் எடுக்க என்ன வேண்டும் என்று விசாரித்தபோதுதான் நிலவரம் புரிந்தது. அந்தந்த மண்டல ரயில்வேயின் தலைமை மக்கள் தொடர்பு அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும், நமக்கு அது சென்னையில் இருக்கும் தெற்கு ரயில்வே. திரைக்கதை, ஆட்கள் பட்டியல், கருவிகள் பட்டியல், காப்பீடு, உரிமக் கட்டணம், வைப்புத்தொகை எல்லாம் உண்டு. கதையையும் வாசித்துப் பார்ப்பார்கள். அங்கேதான் என் படிக்கட்டு மாட்டும். 1989 ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவுப்படி, ஊழியர் எச்சரித்த பிறகும் படியிலோ கூரையிலோ பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அதைச் செய்யும் பெண்ணை நாயகியாகக் காட்டும் காட்சிக்கு அவர்களே அனுமதி தர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. போனை வைத்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று கேமரா பிடிக்கும் நண்பன் சொன்னான். படியில் உட்காரப் போவது அவன் இல்லையே. நடிக்க வந்த பிள்ளையின் அம்மா என் சித்தி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சரி, பஸ்ஸுக்கு மாற்றுவோம் என்று உட்கார்ந்தேன். 'ரயில்' என்று இருந்த இடத்தில் 'பஸ்' என்று போட்டதைத் தவிர முதல் வரைவில் ஒன்றும் மாறவில்லை, அதனால் காட்சி செத்துக் கிடந்தது. வீட்டுத் திண்ணையில் பேசினாலும் அதே வசனம்தான். அப்புறம் வடசேரியிலிருந்து குலசேகரம் பஸ்ஸில் சும்மா ஒரு நாள் போனேன். கண்டக்டர் வந்து 'எங்க?' என்று கேட்டபோது என் பக்கத்து சீட்டுக்காரர் ஊர் பேரைச் சொன்னார். அந்த ஒரு கேள்விக்குள்ளேயே என் காட்சி இருந்தது.

இப்போது காட்சி இப்படி: இரவு, மழை, அழகியமண்டபம் தாண்டியாயிற்று. அப்பாவும் மகளும் எப்போதும் இறங்குவது திருவட்டாரில்.

'எங்க?'

'ரெண்டு வேர்கிளம்பி.'

மெஷினிலிருந்து டிக்கெட் கிழிகிறது. கண்டக்டர் நகர்ந்ததும் மகள் கேட்கிறாள்: 'அப்பா, நம்ம திருவட்டார்ல இல்லியா எறங்கணும்?'

'இல்ல மக்ளே.'

அவ்வளவுதான். விளையை விற்றது, வாடகை வீடு பார்த்தது எல்லாம் அந்த டிக்கெட்டில் வந்துவிட்டது. வேர்கிளம்பி திருவட்டாருக்கு முன்னால் வரும் நிறுத்தம் என்பதால், இறங்கும் இடம் வருவதற்குள் அவள் கேட்டுமுடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் தானாகக் கிடைத்தது. ஒன்றரைப் பக்க வசனம் போய் ஆறு வரியாயிற்று.

மழையும் இரவும் கதைக்காக வந்தவை இல்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மழை என்றால் நம் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஷட்டர் இறங்கினால் வெளியே எதுவும் தெரிய வேண்டாம். வெளியே எதுவும் தெரிய வேண்டாம் என்றால் பஸ் ஓடவே வேண்டாம். நம் மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்வதால் மழை ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மகள் பக்கத்து ஷட்டர் மட்டும் பாதியில் சிக்கி நிற்கிறது என்று எழுதினேன், அந்த ஒரு சாண் இடைவெளியில் மட்டும் வெளிச்சம் ஓடினால் போதும். ஆக மொத்தம் பதினான்கு ஷாட்டில் நிஜமாகவே பஸ் ஓட வேண்டியவை இரண்டு.

பஸ் கிடைத்தது தக்கலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில், வேலை முடிந்து நின்ற பழைய தனியார் பஸ். டூரிஸ்ட் பஸ் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் சாய்கிற சீட்டும் திரைச்சீலையுமாக அது டவுன் பஸ் மாதிரி இருக்காது. ஓனர் அண்ணாச்சி முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: 'காம்பவுண்டுக்குள்ள என்ன வேணா செய்யுங்க. ரோட்ல எறக்கணும்னா பேப்பர் இல்லாம சாவி தரமாட்டேன்.' அவருடைய பெர்மிட் ஒரு குறிப்பிட்ட ரூட்டுக்கு மட்டும். அதை விட்டு வேறு சாலையில் ஓட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிறப்பு பெர்மிட் வாங்க வேண்டும், வாங்காமல் ஓட்டி ஏதாவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். பெர்மிட்டை அவரே எடுத்தார், கட்டணம் எங்களுடையது.

பன்னிரண்டு ஷாட்டும் நிற்கிற பஸ்ஸில், ஒரே இரவில். ஹேண்ட் பிரேக் போட்டு நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்தோம். இன்ஜினை அணைத்தாயிற்று, ஓடினால் வசனம் கேட்காது, ஷட்டர் மூடிய பஸ்ஸுக்குள் புகையும் வரும். பஸ்ஸின் சொந்த விளக்குகளை நம்பினால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் அவற்றின் மேலேயே பேட்டரியில் எரியும் எல்இடி குழல்களை ஒட்டினோம்.

குலுக்கல்தான் பெரிய பாடு. பின்பக்கம் அடியில் மரம் கொடுத்து நெம்பிப் பார்த்தோம், அவ்வளவு எடை அசையவே இல்லை. கார் என்றால் அந்த வித்தை நடக்கும். கடைசியில் இரண்டு பேர் வெளியே நின்று பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளித் தள்ளி விட்டார்கள். பஸ்ஸுக்கென்று ஒரு ஆட்டத் தாளம் இருக்கிறது, அதோடு சேர்ந்து தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே ஆடும், தாளம் தப்பினால் எவ்வளவு தள்ளினாலும் நின்றுவிடும். ஆனால் பார்க்கிறவனை நம்பவைப்பது அது இல்லை, உள்ளே இருக்கும் உடம்புகள். பயணிகளாக நடித்த இருபது பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒருவனை உட்காரவைத்து 'பிரேக்', 'வளைவு', 'குழி' என்று கையால் சைகை காட்டச் சொன்னோம். பிரேக்குக்கு எல்லாரும் முன்னால் சாய்வார்கள், விட்டதும் பின்னால் வருவார்கள். இருபதில் ஒருவர் தப்பினாலும் கண்ணுக்குக் குத்தும். முன்வரிசையில் இருந்த மாமா ஒருவர் ஒவ்வொரு முறையும் பிரேக்குக்குப் பின்னால் சாய்ந்தார், அவரைத் தூங்குகிறவராக மாற்றிவிட்டோம்.

வெளிச்சத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தோம். மூங்கில் கம்பில் விளக்கைக் கட்டி ஒரு தம்பியை ஜன்னலோரம் ஓடச் சொன்னேன், அவன் பின்னாலிருந்து முன்னால் ஓடினான். மானிட்டரில் பார்த்தால் பஸ் ரிவர்ஸில் போகிறது. தெருவிளக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் போகும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சமும் அப்படித்தான், அதோடு அது டிரைவர் பக்கம், அதாவது வலப்பக்கம் மட்டுமே கடக்க வேண்டும். வேகமும் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். கம்பத்துக்குக் கம்பம் 30 மீட்டர் என்று வைத்தால் மூன்று வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு விளக்கு. பஸ் நீளத்தை ஒரு வினாடியில் ஓடிக் கடக்க அந்தத் தம்பியால் ஆகாது. அதனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஃபிரேமில் இருக்கும் ஜன்னலுக்கு நேரே நின்று கம்பை மட்டும் சட்டென்று வீசச் சொன்னோம். ஒன்று, இரண்டு, மூன்று, வீச்சு. ஊர் தாண்டியதும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் இருட்டாக்கினோம்.

மழைக்கு மேலே ஓட்டை போட்ட பைப், தோட்டத்து மோட்டார். தண்ணீர் செங்குத்தாக விழுந்தால் நிற்கிற பஸ் என்று காட்டிக்கொடுத்துவிடும், ஓடும் பஸ்ஸில் அது பின்பக்கமாகச் சாய்ந்து வழியும். பெரிய ஃபேன் வைத்தால் சாயும், ஆனால் தண்ணீர் பக்கம் வீட்டு மின்சாரம் போகக் கூடாது என்று லைட்மேன் அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி. ஈரப் பக்கம் முழுக்க பேட்டரி விளக்குதான், மோட்டாரைத் தூரத்தில் வைத்தோம். ஃபேனுக்குப் பதிலாக பைப்பையே முன்னாலிருந்து பின்னால் பார்க்கும்படி சாய்த்துக் கட்டினோம். கிட்டப் பார்த்தால் அத்தனை சரியில்லை, பாதி மூடிய ஷட்டர் மானத்தைக் காப்பாற்றியது.

நிஜமாக ஓடிய இரண்டு ஷாட்டை ஒரு ஞாயிறு விடியலில், தேசிய நெடுஞ்சாலையை விட்டு, திருவட்டார் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் கிளைச்சாலையில் எடுத்தோம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இடம், நேரம், ஆட்கள், வண்டி எண் எல்லாம் எழுதிக் கொடுத்து, அனுமதிக் கடிதத்தின் நகலை உள்ளூர் ஸ்டேஷனிலும் கொடுத்தோம். முதல் கடிதத்தில் 'காலை' என்று மட்டும் எழுதியிருந்ததால் திரும்பி வந்தது, 5.30 முதல் 7.30 வரை என்று மாற்றி எழுதினேன். ஓட்டியது அந்த பஸ்ஸின் வழக்கமான டிரைவர். நடிகர் யாரும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, படியில் யாரும் நிற்கவில்லை, அது மோட்டார் வாகனச் சட்டம் 123-வது பிரிவுப்படியும் கூடாது. உள் ஷாட்டுக்கு ட்ரைபாடை சீட்டுக் காலோடு கட்டி, கேமராவுக்குத் தனியாக ஒரு கயிறு. வெளி ஷாட்டுக்கு கேமரா ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் நின்றது, பஸ்தான் கடந்து போனது. வேகம் 25-க்கு மேல் இல்லை. மரங்கள் ஜன்னலை ஒட்டி இருந்ததால் திரையில் அது இரட்டிப்பாகத் தெரிகிறது.

ஒன்று மட்டும் யோசிக்காமல் போனது, ஊர்ப் பலகை. குலசேகரம் என்று பலகையோடு வந்த பஸ்ஸைப் பார்த்து ஒரு பாட்டி கை காட்டினார், நாங்கள் நிற்காமல் போனதும் பின்னால் நின்று ஏசியது கேட்டது. திரும்பி வந்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அடுத்த டேக்கிலிருந்து பலகையைத் துணியால் மூடி, பலகை தெரியும் ஷாட்டைக் காம்பவுண்டிலேயே எடுத்துக்கொண்டோம்.

எடிட்டில் உட்கார்ந்தபோதுதான் பெரிய தப்பு தெரிந்தது. அமைதியான பஸ்ஸில் பேசியதால் எல்லாரும் ஹால் சோபாவில் பேசுவது போல மெதுவாகப் பேசியிருந்தார்கள். டிக்கெட் எடுத்துப் போய்ப் பதிவு செய்து வந்த இன்ஜின், கியர், விசில் சத்தத்தைப் பின்னால் போட்டதும், அத்தனை இரைச்சலில் எப்படி இவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்கிறது என்று உறுத்தியது. ஒத்திகையிலேயே ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தத்தைப் போட்டுப் பேசவைத்து, டேக்கின்போது மட்டும் அணைத்திருக்க வேண்டும். அப்பாவாக நடித்தவரை நிறுத்திவைத்த காருக்குள் உட்காரவைத்து, ஹெட்போனில் பஸ் இரண்டாம் கியரில் ஏறும் சத்தத்தைக் கொடுத்து, 'ரெண்டு வேர்கிளம்பி'யை மறுபடி பேசச் சொன்னோம். ஐந்தாவது தடவை, கண்டக்டருக்குக் கேட்கட்டும், மகளுக்குக் கேட்க வேண்டாம் என்பது போலச் சொன்னார். அதைத்தான் வைத்திருக்கிறோம்.