"ஏன்?" என்று கேட்டவருக்கு ஆறு வரி

ஜூன் 9, 2025, திங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் அவசரத்தில் எட்டுப் பேருக்கு மறுப்பு மெயில் தட்டிவிட்டேன். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு அசைன்மென்ட் முடித்து அனுப்பியவர்கள் பதினொரு பேர். மூன்று பேர் அடுத்த சுற்றுக்கு. மீதிப் பேருக்கு சிஸ்டமே எழுதி வைத்திருக்கும் நன்றி, வருத்தம், வாழ்த்து. பெயர் மட்டும் மாறும்.

இன்று காலை அதில் ஒருவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. மெயில் ஆங்கிலத்தில்தான், சாரத்தை இங்கே எழுதுகிறேன்: "நான்கு மணி நேர வேலை என்று சொன்னீர்கள். எனக்கு இரண்டு நாள் ஆனது. வருத்தமில்லை. எதில் தவறினேன் என்று ஒரே ஒரு காரணம் சொன்னால் போதும்."

கோபமாகக் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன், இது பழகிய வேலைதான். ரெஸ்யூமே மட்டும் அனுப்பியவர் கேட்டாலும் நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. முந்நூறு பேருக்கு எழுத முடியாது. இவர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து நமக்காக ஒரு வேலை செய்து கொடுத்திருக்கிறார், அதுதான் உறுத்துகிறது.

ஸ்கோர்கார்டைத் திறந்தேன். டேட்டா டீம் லீட் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எஸ்.க்யூ.எல் 2/5. கவனம் போதாது. பிரசன்டேஷன் பரவாயில்லை." இதை அப்படியே அனுப்பினால் அது பதிலே இல்லை, திட்டு. "கவனம் போதாது" என்றால் அந்த ஆள் என்ன செய்வார்? நாளையிலிருந்து கவனமாக இருப்பாரா?

ஜூன் 10, செவ்வாய்

லீடை மதியம் கேன்டீனில் பிடித்தேன். "எந்த வரியில் கவனம் போதாது?" என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் பார்த்தார். அப்புறம் தட்டை நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

மூன்றாவது கேள்வி: ஊர்வாரியாக விற்பனை எவ்வளவு, டெலிவரிக் கட்டணமாக வந்தது எவ்வளவு? நாங்கள் கொடுத்த பயிற்சித் தரவில் `orders` என்ற டேபிளில் 500 ஆர்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 40 ரூபாய் டெலிவரிக் கட்டணம். ஒவ்வொரு ஆர்டரிலும் என்னென்ன பொருள் வாங்கினார்கள் என்பது `order_items` என்ற இன்னொரு டேபிளில், 1,540 வரிகள். அவர் எழுதியது இது:

```sql
SELECT o.city,
       SUM(i.qty * i.price) AS sales,
       SUM(o.shipping_fee)  AS delivery
FROM orders o
JOIN order_items i ON i.order_id = o.order_id
GROUP BY o.city;
```

எனக்கு எஸ்.க்யூ.எல் வராது. லீட் ஒரு உதாரணம் சொன்னார்: "மூணு பேர் சேர்ந்து ஆட்டோல போறீங்க, 120 ரூபாய். ராத்திரி மூணு பேரும் அவங்கவங்க நோட்டுல ஆட்டோ 120னு எழுதுறீங்க. அப்புறம் மூணு நோட்டையும் கூட்டினா ஆட்டோவுக்கு 360 ஆயிடும்ல?" அவ்வளவுதான் விஷயம். இரண்டு டேபிளையும் இணைத்ததும் ஓர் ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால் அந்த 40 ரூபாய் மூன்று வரியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டினால் 120.

விற்பனைப் பக்கம் சரியாகவே வந்திருக்கிறது, ஏனென்றால் விலை பொருளுக்குப் பொருள் தனி. டெலிவரி மட்டும் ஊதிப்போய்விட்டது. 500 ஆர்டர், தலைக்கு 40 ரூபாய் என்றால் 20,000 வர வேண்டும். அவர் அறிக்கையில் எல்லா ஊரும் சேர்த்து 61,600. பாதி விடை சரியாக இருந்ததால்தான் மீதிப் பாதி அவர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். 61,600-ஐ 500-ஆல் வகுத்துப் பார்த்திருந்தால் ஓர் ஆர்டருக்கு 123 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும், அங்கேயே மாட்டியிருக்கும்.

தப்பு அதோடு நிற்கவில்லை. கடைசி ஸ்லைடில் "டெலிவரிக் கட்டணத்திலேயே இவ்வளவு வருமானம் வருவதால் அதைப் பாதியாகக் குறைக்கலாம்" என்று பரிந்துரை வேறு. லீடுக்கு வலித்தது அந்த இடம்தான்.

லீடிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "இந்தத் தப்பு ஒண்ணு மட்டும் இல்லாம இருந்தா அடுத்த ரவுண்டுக்கு எடுத்திருப்பீங்களா?" இதை எப்போதும் கேட்டுவிடுவேன். "இல்லை" என்று சொன்னால், நான் கையில் வைத்திருப்பது காரணமே இல்லை, சாக்கு. நிஜக் காரணம் வேறெங்கோ இருக்கும்: கேட்ட சம்பளம் அதிகம், அல்லது மேலிடம் ஏற்கெனவே ஒருவரை மனதில் வைத்திருக்கும். அப்படி இருக்கும்போது அசைன்மென்டில் தேடிப் பிடித்து ஒரு குறை சொன்னால், அந்த ஆள் இல்லாத ஓட்டையை அடைக்க ஆறு மாதம் உழைப்பார்.

லீட் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எடுத்திருப்பேன். டேட்டாவை க்ளீன் பண்ண விதத்தை நல்லா எழுதியிருந்தார்."

சரி, எழுதலாம்.

ஜூன் 11, புதன்

எழுதுவதற்கு முன் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கப் போனேன். "எதுக்கும்மா வம்பு? நீ ஒண்ணு எழுதுவ, அவன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து லிங்க்ட்இன்ல போடுவான்" என்றார். பயம் நியாயமானதுதான். ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே: நாளைக்கு இது ஊர் முழுக்கச் சுற்றினாலும் நான் நெளிய வேண்டியிராத வரிகளை மட்டும் எழுதுவது. ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பு என்றார்.

முதல் வரைவு ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டது. பதினான்கு ஸ்லைடு அதிகம் (மூன்றுதான் கேட்டிருந்தோம்), ஒரு வரைபடத்தில் நிறங்கள் குழப்பம், இரண்டாவது கேள்வியில் தேதி வடிவம்... எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் முடிவைத் தீர்மானித்ததல்ல. ஒரு காரணம் கேட்டவருக்கு ஆறு காரணம் கொடுத்தால் அவற்றில் எது பெரியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடித்தேன். "வந்தவர்களில் சிலர் இன்னும் சிறப்பாகச் செய்திருந்தார்கள்" என்று எழுதியிருந்ததையும் அடித்தேன். அடுத்தவர் தாளை அவர் பார்க்கப் போவதில்லை, அது அவருக்கு எதற்கு? "இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்" என்பது லீடின் ஸ்கோர்கார்டிலிருந்து எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதுவும் போயிற்று. "எதிர்காலத்தில் நிச்சயம் அழைப்போம்" என்பதில்தான் கை கொஞ்ச நேரம் நின்றது, சொன்னால் இதமாக இருக்கும். ஆனால் அழைப்போமா என்று எனக்கே தெரியாது.

மிஞ்சியது ஆறு வரி:

"கேட்டதற்கு நன்றி. ஊர்வாரி விற்பனையைச் சரியாக எடுத்திருந்தீர்கள், தரவை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று எழுதி வைத்திருந்ததை லீட் குறிப்பிட்டுச் சொன்னார். அடுத்த சுற்றுக்குப் போகாததற்குக் காரணம் மூன்றாவது கேள்வி: `orders`-ஐ `order_items`-உடன் இணைத்தபோது `shipping_fee` ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை கூடிவிட்டதால் 20,000 வர வேண்டிய இடத்தில் 61,600 வந்தது, கடைசிப் பரிந்துரையும் அந்த எண்ணை நம்பியே இருந்தது. இணைத்த பிறகு வரும் கூட்டுத்தொகையை, `orders`-இல் மட்டும் தனியாக எடுத்த கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் இது உடனே தெரியும். இந்த வேலைக்கான முடிவு இனி மாறாது. இதில் ஏதாவது புரியவில்லை என்றால் எழுதுங்கள்."

லீடிடம் காட்டினேன், எண்களைச் சரிபார்த்தார். நான் தப்பான விஷயத்தைத் தன்னம்பிக்கையோடு சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம் இல்லை. மேனேஜர் படித்துவிட்டு "முடிவு மாறாதுன்னு போட்டது நல்லது" என்றார். மூன்றேகாலுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பக்கத்து சீட்காரி கேட்டாள். செய்து பார்த்திருக்கிறேன். கேட்டவுடன் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்து இல்லாததையெல்லாம் உளறிவிடுவேன்.

ஜூன் 13, வெள்ளி

பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார்.

ஒன்று, `SUM(DISTINCT o.shipping_fee)` என்று போட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டிருக்கிறார். லீடிடம் காட்டினேன், சிரித்தார். எல்லா ஆர்டருக்கும் 40தான் என்பதால் அப்படிப் போட்டால் ஒவ்வோர் ஊருக்கும் வெறும் 40 ரூபாய் வரும். ஊதியது போய் சுருங்கிவிடும். முதலில் `order_items`-ஐ ஆர்டருக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு அதற்கப்புறம் இணைக்க வேண்டுமாம். அந்த ஒரு வரியை அப்படியே எழுதி அனுப்பினேன். இதற்கு மேல் போனால் வகுப்பாகிவிடும், லீடின் நேரமும் என் நேரமும் தாங்காது.

இரண்டாவது கொஞ்சம் குத்தியது. "டெலிவரிக் கட்டணம் ஆர்டருக்கா, பொருளுக்கா என்று அசைன்மென்ட் தாளில் எங்கும் இல்லை. கேட்கலாமா என்று தெரியாததால் கேட்கவில்லை."

தாளை எடுத்துப் பார்த்தேன். இல்லைதான்.

ஜூன் 16, திங்கள்

லீட் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டணம் `orders` டேபிள்ல இருக்கு. அப்ப அது ஆர்டருக்குத்தான். அதைக் கண்டுபிடிக்கறதுதான் பரீட்சையே. எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் என்னத்தைப் பார்க்கறது?" அவர் சொல்வதும் சரி. அந்த 61,600-ஐ ஒரு தடவை சந்தேகப்பட்டிருந்தாலே போதும், தாள் தெளிவாக இல்லாவிட்டாலும் பிடித்திருக்கலாம். முடிவு மாறவில்லை.

ஆனால் கேட்கலாமா என்று தெரியவில்லை என்கிறாரே, அது எங்கள் தப்பு. வேலையில் சேர்ந்த பிறகு இதே ஆள் சந்தேகம் கேட்காமல் எண்ணை அனுப்பினால் திட்டுவோம், பரீட்சையில் கேட்க வழியே வைக்கவில்லை. அரை மணி நேர இழுபறிக்குப் பிறகு கேள்வியைத் தொடாமல் தாளின் மேலே ஒரு வரி சேர்க்க லீட் சம்மதித்தார்: "தரவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கு எழுதுங்கள், கேட்பதால் மதிப்பெண் குறையாது."

அவருக்கு இரண்டு வரி எழுதினேன்: தாளில் அது இல்லாதது உண்மை, இனி வருபவர்கள் கேட்கலாம் என்று சேர்த்திருக்கிறோம். மறுபடியும் வருத்தம் தெரிவிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

புதிதாக நான்கு பேருக்கு அசைன்மென்ட் போயிருக்கிறது. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் சந்தேகம் கேட்டு எழுதிவிட்டார்கள். ஒருவர் கேட்டது அதே டெலிவரிக் கட்டணம். லீடுக்கு ஃபார்வர்டு செய்தேன்.

ஸ்கோர்கார்டில் "குறை" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "எந்த வரியில்?" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். அது காலியாக இருந்தால் சேமிக்க விடாது. லீட் இன்னும் பார்க்கவில்லை.