உப்புத் தண்ணீரும் இளஞ்சிவப்புப் பாசியும்: ஒரு குளியலறைத் திரையைச் சுத்தம் செய்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் குளியலறையும் கழிப்பறையும் ஒரே அறைக்குள் இருப்பதால், குளிக்கும் தண்ணீர் மறுபக்கம் தெறிக்காமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கம்பியில் மாட்டியிருக்கிறோம். என் மாமியாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, ஈரத் தரையில் கால் வழுக்கிவிடக் கூடாது என்று, அடியில் உறிஞ்சு குமிழ்கள் உள்ள ஒரு ரப்பர் மேட்டையும் வாங்கிப் போட்டோம். வெயில் காலம் முழுவதும் இரண்டும் தாமாகவே காய்ந்துகொண்டிருந்ததால், அவற்றைத் தனியாகக் கழுவ வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, ஜன்னலைத் திறக்க முடியாமல் போன மூன்றாவது வாரத்தில்தான் திரையின் அடி விளிம்பில் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒரு படலமும், மடிப்புகளுக்குள் மிளகுப் பொடியைத் தூவியது போலக் கரும்புள்ளிகளும் கண்ணில் பட்டன. மேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தேங்கி நின்ற தண்ணீரைச் சுற்றி அதே இளஞ்சிவப்பு வளையம் இருந்தது.

இரண்டும் ஒரே பூஞ்சை என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அவை வேறு வேறு. இளஞ்சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியாவின் கூட்டம். ஈரமும் சோப்பின் கொழுப்பும் உடலிலிருந்து கழியும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் அதற்குப் போதும். விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஆனால் சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் படரும். கருப்பாக இருப்பதுதான் பூஞ்சை. அது துடைத்தால் வராது, ஏனென்றால் அது சோப்புப் படலத்துக்கு அடியில் பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. வெறும் அழுக்கா பூஞ்சையா என்று தெரியாத புள்ளியின் மீது ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசலை விட்டால் விடை கிடைத்துவிடும்: ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே இருந்தால் அழுக்கு.

என் முதல் முயற்சி வீணானது. கிணற்றுக்கும் தொட்டிக்கும் போடுவதற்காக வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கலக்கித் திரை முழுவதும் ஊற்றித் தேய்த்தேன். அன்று மாலை திரை பளிச்சென்று இருந்தது, பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. காரணம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் என்பது பிறகு புரிந்தது. காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, குளிப்பதற்கு உப்புத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைப் படலமாகத் திரையில் ஒட்டிக்கொள்கிறது. மேலாகத் தடவும் பிளீச் அந்தப் படலத்தோடு வினைபுரிந்தே தன் வீரியத்தை இழந்துவிடுவதால், அடியில் இருக்கும் உயிரிகளை அது சென்றடைவதே இல்லை. அந்தப் படலமே அவற்றுக்கு உணவும் போர்வையுமாக இருந்தது.

ஆகவே படலத்தை முதலில் எடுத்துவிட்டு, பிறகு கொல்வது என்று முடிவு செய்தேன். மாமியார், "பித்தளைக்குப் போடற புளித்தண்ணி போட்டுப் பாரும்மா" என்றார். புளிப்பு சுண்ணாம்பை இளக்கும் என்பதால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புளியில் சர்க்கரையும் சக்கையும் உண்டு, மிச்சம் தங்கினால் பாசிக்கு விருந்து வைத்தது போல ஆகிவிடும் என்று தோன்றியதால், மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரையே வாங்கினேன். திரையைக் கழற்றி மொட்டை மாடியில் நிழலான இடத்தில் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரும் வினிகரும் சரிபாதியாகக் கலந்து இரு பக்கமும் நனைத்து, இருபது நிமிடம் ஊறவிட்டேன். வெந்நீர் கூடாது, மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைப் பழைய ஸ்பாஞ்சில் எடுத்துத் தேய்த்தபோது, வெள்ளைப் படலம் தயிர் ஆடை போலச் சுருண்டு வந்தது. கம்பி நாரைப் பயன்படுத்தவில்லை. அது போடும் கீறல்களில்தான் அடுத்த முறை பூஞ்சை குடியேறும். ஈர விரலால் தேய்த்தால் பிளாஸ்டிக் கிறீச்சென்று சத்தமிட வேண்டும், வழுக்கினால் இன்னும் படலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். நன்றாக அலசி, கொடியில் போட்டு, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். வினிகர் மிச்சம் இருக்கும்போது பிளீச் பட்டால் குளோரின் வாயு வெளிவரும் என்பதால்தான் அடுத்த கட்டத்தை மறுநாளுக்குத் தள்ளினேன்.

இதை நான் வெறும் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. முதல் முயற்சியின்போது, பிளீச் வழிந்த தரையை நான் கழுவாமல் விட்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா அது தெரியாமல், "ஆசிட் ஊத்தினா எல்லாக் கறையும் போயிடும்மா" என்று சொல்லிக்கொண்டே டைல்ஸ் கழுவும் ஆசிட்டை அதே தரையில் ஊற்றிவிட்டார். அடுத்த நொடியே மூக்கை அறுப்பது போன்ற நெடி கிளம்பி, இருவருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து போட்டு வெளியே ஓடிவந்து, நெடி அடங்கும் வரை உள்ளே போகாமல் இருந்ததால் அதோடு போயிற்று. தவறு அவருடையது அல்ல, தரையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று முதல் இவ்விரண்டு பொருட்களையும் வேறு வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பிளீச்சிங் கரைசலை இப்படித் தயாரித்தேன். பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 கிராம் பவுடர் என்ற கணக்கில் கலக்கி, அரை மணி நேரம் ஆடாமல் வைத்து, மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் இறுத்து எடுத்துக்கொண்டேன். அடியில் படிவது சுண்ணாம்பு. அதையும் சேர்த்துத் தடவினால் நேற்று எடுத்த வெள்ளைப் படலத்தை நாமே திரும்பப் பூசியது போலாகும். முதல் முறை நான் செய்த இன்னொரு பிழையும் அதுதான். பவுடர் பாக்கெட் திறந்தே கிடந்திருந்தால் காற்றின் ஈரத்தில் வீரியம் போயிருக்கும். நெடி சுள்ளென்று ஏறாவிட்டால் புதிதாக வாங்குவதே நல்லது. கடையில் விற்கும் திரவ பிளீச் என்றால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் ஏறக்குறைய இதே வலுவைத் தரும்.

கையுறை போட்டுக்கொண்டு, தரையில் விரித்த திரையின் மீது கரைசலைத் தடவி, பத்து நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். தடவி உடனே கழுவுவதால் நிறம் வெளுக்குமே தவிர உயிரிகள் முழுவதும் சாவதில்லை. கரும்புள்ளி அடர்ந்த இடங்களில் பழைய பருத்தித் துணிப் பட்டைகளைக் கரைசலில் நனைத்துப் போர்த்திவிட்டேன். நம் ஊர் வெயிலில் இதைச் செய்தால் கரைசல் காய்வதோடு குளோரினும் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் நிழல் அவசியம். அலசிய பின் இளஞ்சிவப்பு முழுவதும் போய்விட்டது. கரும்புள்ளிகளிலும் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. சில மட்டும் சாம்பல் நிழலாக நின்றன. மேலும் ஒருமுறை அதே பத்து நிமிடம் வைத்துப் பார்த்தும் அவை மாறவில்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளுக்குள் நிறம் ஊறிவிட்டால் அது கறைதான், உயிருள்ள பூஞ்சை அல்ல. அதற்காகக் கரைசலின் வலுவைக் கூட்டிக்கொண்டே போனால் திரை விறைத்து வெடிக்கும்.

மேட்டின் கதை வேறு. முதல் முயற்சியில் அதைப் பிளீச் வாளியில் இரவு முழுவதும் ஊறப்போட்டிருந்தேன். காலையில் பாசி போயிருந்தது, கூடவே ரப்பரின் உயிரும் போயிருந்தது: மேல்பரப்பு வெளுத்து, குமிழ்களின் ஓரம் விறைத்து, வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. குளோரின் ரப்பரின் மேல்தோலைக் கெட்டியாக்கிவிடும் என்பதை அந்த மேட் எனக்குக் கற்பித்தது. தரையில் போட்டு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தபோது, எந்தப் பிடிப்பும் இல்லாமல் அது நகர்ந்து வந்தது. வழுக்காமல் இருப்பதற்காகவே வாங்கிய பொருள் வழுக்கினால் அதை வைத்திருக்கக் கூடாது என்று அன்றே தூக்கி எறிந்தேன்.

புதிய மேட்டிலும் அடுத்த மாதமே குமிழ்களுக்குள் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. இம்முறை பாத்திரம் கழுவும் திரவத்தையும் பழைய பல்துலக்கும் பிரஷையும் வைத்து ஒவ்வொரு குமிழாகத் தேய்த்தேன். எழுபது எண்பது குமிழ்கள் இருக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் ஊறவைத்தால் மட்டும் குமிழின் குழி சுத்தமாவதில்லை. அலசிய பிறகு, மருந்துக் கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடை, பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்ததால் சம அளவு தண்ணீர் சேர்த்து, குமிழ்களுக்குள் ஊற்றினேன். பாசி மிச்சமிருந்த குமிழ்களில் நுரை பொங்கியது, சுத்தமாக இருந்தவற்றில் பொங்கவில்லை. எந்தக் குமிழைத் திரும்பத் தேய்க்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுத்தது. பத்து நிமிடம் விட்டுக் கழுவி, நிழலில் தொங்கவிட்டேன். உச்சி வெயிலில் நாள் கணக்கில் போட்டால் ரப்பர் அதனாலும் வெடிக்கும்.

இப்போது கடைசியாகக் குளிப்பவர் மேட்டை எடுத்துக் குழாயின் மீது, குமிழ்ப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிவிட்டு, திரையைச் சுருக்கி ஒதுக்காமல் முழுவதும் விரித்துவிட்டு வர வேண்டும். அப்படியும் திரையில் ஓர் இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது. அடி விளிம்பை மடித்துத் தைத்திருந்த பட்டைக்குள் தண்ணீர் ஏறி, இரண்டு பிளாஸ்டிக் மடிப்புகளுக்கு நடுவே காய வழியில்லாமல் நின்றிருக்கிறது. அதற்குள் பிரஷும் போகாது, பிளீச்சும் சரியாகப் போகாது. பிளாஸ்டிக் என்பதால் நூல் பிரியாது என்ற தைரியத்தில், கத்தரிக்கோலை எடுத்துத் தையலுக்கு மேலே நேராக வெட்டிவிட்டேன். திரை இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது, வாசற்பக்கம் கொஞ்சம் தெறிக்கிறது என்று என் கணவர் முணுமுணுக்கிறார். ஆனால் வெட்டிய விளிம்பில் கார்த்திகை முடியும் வரை நிறம் எதுவும் திரும்பவில்லை.