பித்தளை இன்சேர்ட்டும் அதைத் தாங்கும் தூணும்

தண்ணீர் தாங்கியின் நீர்மட்டம் காட்டும் சென்சர் பெட்டிகளை முப்பரிமாணப் பிரின்ட் செய்துகொடுக்கும் வேலையில் மூடிதான் அதிகம் பாடுபடுகிறது. பற்றரி மாற்ற, வயர் பார்க்க என்று அடிக்கடி கழற்றுவார்கள். திருகாணியை நேரே பிளாஸ்ரிக்கில் முறுக்கினால் சில தடவையில் மரை தேய்ந்துவிடும். அதனால் உள்ளே மரை வெட்டிய சிறு பித்தளைக் குழலான எம்3 இன்சேர்ட்டைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக்கில் இறக்குவதே எங்கள் வழக்கம்.

வெளிவிட்டம் 4.6, நீளம் 5.7 மில்லிமீற்றர் உள்ள இன்சேர்ட்டை எடுத்துக்கொள்வோம். இதற்குத் துளை 4.0 விட்டம், 7 ஆழம். மிஞ்சும் 1.3 மில்லிமீற்றர், உருகி ஒதுங்கும் பிளாஸ்ரிக்குக்கான இடம். அது இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் கீழிருந்து மரைக்குள் ஏறும். பிரின்ட் செய்த துளை வரைந்த அளவைவிடச் சற்றுச் சிறுத்தே வரும் என்பதால், 3.9 முதல் 4.2 வரை துளையிட்ட சிறு கட்டையொன்றில் முதலில் இறக்கிப் பார்ப்பது நல்லது. வாயைச் சுற்றிப் பிளாஸ்ரிக் வளையமாகப் பிதுங்கினால் துளை சிறிது. இறுக்கும்போது இன்சேர்ட்டும் சேர்ந்து சுழன்றால் துளை பெரிது, இன்சேர்ட்டின் வெளிப்புற வெட்டுகளுக்குள் பிளாஸ்ரிக் போகவில்லை.

இந்தத் துளையைத் தாங்கி நிற்கும் தூணின் வெளிவிட்டம் 8. துளையைச் சுற்றி 2 மில்லிமீற்றர் சுவர் கிடைக்கும். அதை முழுவதும் சுவர்க்கோடுகளாலேயே நிரப்ப வேண்டும், இடைவெளி விட்டு வலைபோல் போடும் உள்நிரப்பை நம்பக்கூடாது. நிமிர்ந்த தூணில் படைகள் குறுக்கே கிடப்பதால், அது அடியில்தான் முறியும். அடியை வளைவாக்கி, பக்கச் சுவரோடு ஒரு விலாவால் இணைத்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் தீரும். தடித்த இடத்தில் மேற்பரப்பு குழிவிழும் என்ற வார்ப்புக்காரரின் கவலை இங்கே தேவையில்லை.

இறக்குவதில் அவசரம் கூடாது. சோல்டரிங் அயனைப் பிரின்ட் வெப்பநிலையைவிட 10 முதல் 20 பாகை கூட வைத்து, அயனின் பாரமே இறக்கட்டும். அழுத்தினால் சரிந்து இறங்கும், பிறகு நிமிர்த்துவது கடினம். விளிம்பு மேற்பரப்புக்கு மேல் மயிரிழை அளவு நிற்கும்போது அயனை எடுத்து, தட்டையான உலோகத் துண்டால் அழுத்திப் பிடித்தால் நேராகவும் மட்டமாகவும் இறுகும். முற்றாக ஆறிய பின்பே திருகாணி. யாழ்ப்பாண வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் பெட்டிக்குப் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் வேண்டாம். அது 60 பாகை அளவிலேயே இளகி இன்சேர்ட்டை விட்டுவிடும், பி.ஈ.ரி.ஜி. போடுங்கள்.

இவ்வளவு செய்தும் இன்சேர்ட் மேலே பிடுங்கி வந்தால், பிழை பெரும்பாலும் மூடியில் இருக்கும். மூடியின் துளை இன்சேர்ட்டைவிடப் பெரிதானால், இறுக்க இறுக்கத் திருகாணி இன்சேர்ட்டை அந்தத் துளைக்குள் இழுக்கும். 3.4 மில்லிமீற்றராக வைத்தால் மூடி பித்தளையின் மேலேயே அமரும். திருகாணியின் நீளமும் அப்படித்தான்: 3 மில்லிமீற்றர் மூடிக்கு 8 சரி. 10 போட்டால் நுனி துளையின் அடியில் முட்டி, இன்சேர்ட்டை மேலே தள்ளும்.